எடையிட்ட சராசரி: ‘சமன்புள்ளி’யா, ‘தாங்குபுள்ளி’யா?

மங்கை எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

புள்ளியியல் அறிமுகப் பாடம் ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். எடையிட்ட சராசரி என்ற பகுதிக்கு வந்ததும் ஒரு சொல் கிடைக்காமல் நின்றுவிட்டேன். கணக்கிடும் முறைக்கு ‘எடையிட்ட சராசரி’, ‘நிறையிட்ட சராசரி’ ஆகிய பெயர்கள் முன்பே வழக்கில் உள்ளன. நான் தேடுவது அந்தக் கணக்கின் விடை எந்த இடத்தில் வந்து நிற்கிறதோ அந்த இடத்தின் பெயரை.

என் எடுத்துக்காட்டு இது. ஒரு பாடத்தில் பத்துப் பயிற்சிகளும் ஓர் இறுதித் தேர்வும் உள்ளன. ஒவ்வொரு பயிற்சியின் எடை 4, பத்தும் சேர்ந்து 40, தேர்வின் எடை 60. ஒரு மாணவர் பயிற்சிகளில் சராசரியாக 90 மதிப்பெண்ணும் தேர்வில் 50 மதிப்பெண்ணும் பெறுகிறார். இறுதி மதிப்பெண் 66. சூத்திரத்தைக் கொடுத்தால் மாணவர்கள் பெருக்கி விடையைச் சொல்லிவிடுகிறார்கள். பத்து நல்ல மதிப்பெண்கள் இருந்தும் ஒரே ஒரு தேர்வு ஏன் இவ்வளவு கீழே இழுத்தது என்று கேட்டால் பதில் வருவதில்லை. அதனால் 0 முதல் 100 வரை குறியிட்ட ஒரு கோலை வரைந்து, ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் உரிய இடத்தில் அதன் எடையை வைத்து, கோல் எந்தப் புள்ளியில் சாயாமல் நிற்கும் என்று கேட்க விரும்புகிறேன். அந்தப் புள்ளிக்கு ‘சமன்புள்ளி’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். சமன்பாடு என்பதில் னகரம் திரியாமல் நிற்பதுபோல இங்கும் நிற்கும் என்பதால், ‘சமற்புள்ளி’ என்று எழுதத் தேவையில்லை என்றே கருதுகிறேன்.

ரகு எழுதியது:

மங்கை அம்மாவுக்கு வணக்கம். சொல்லைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் நீங்கள் காட்டிய கணக்கு எங்கள் வீட்டில் நடந்தது. என் மகளுடைய மதிப்பெண்களை நான் விரிதாளில் ஏற்றிச் சராசரி எடுத்தபோது 86 வந்தது. கல்லூரித் தளத்தில் 66 என்று இருந்தது. தவறு அவர்களுடையது என்றே எண்ணி முறையீட்டுக் கடிதம்கூட எழுதிவிட்டேன். தேர்வு கடினமாக இருந்ததால் அதற்குக் கூடுதல் எடை கொடுத்துவிட்டார்கள் என்று மகள் சொல்கிறாள். எடை என்பது கடினத்தைக் குறிக்கிறதா?

இளங்கோ எழுதியது:

ரகு அவர்களுக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். எடை கடினத்தைக் குறிப்பதன்று. மிக எளிய தேர்வுக்கும் 60 எடை இருக்கலாம். அது பாடம் தொடங்கும் முன்பே விதியில் எழுதப்படுவது. உங்கள் விரிதாள் பதினொரு மதிப்பெண்களையும் ஒரே கனமுள்ளவையாக எடுத்துக்கொண்டு 950-ஐ 11-ஆல் வகுத்திருக்கிறது. 86 வந்தது அதனால்தான். மதிப்பெண்கள் B பத்தியிலும் எடைகள் C பத்தியிலும் இருந்தால் எழுத வேண்டியது இது:

```
=SUMPRODUCT(B2:B12,C2:C12)/SUM(C2:C12)
```

இதில் 66 வரும். இரண்டு விடைகளுக்கும் இடையில் 20 மதிப்பெண் வேறுபாடு இருப்பதே, எடை மறந்துபோன கணக்கு இது என்பதற்கு அடையாளம்.

இனி சொல்லுக்கு வருகிறேன். சமன்புள்ளி ஓசையில் நன்றாக இருக்கிறது. ஆயினும் ‘சமன்’ என்று கேட்டவுடன் எது எதற்குச் சமம் என்ற கேள்வி எழும். அதற்குச் சரியான விடையை அந்தச் சொல்லே தர வேண்டும்.

சரவணன் எழுதியது:

அதில் என்ன சிக்கல் ஐயா? சமன்புள்ளிக்கு இடப்பக்கம் உள்ள எடையும் வலப்பக்கம் உள்ள எடையும் சமம், அவ்வளவுதான். தேர்வு கனமானது என்பதால் புள்ளி அதன் பக்கம் நகர்கிறது. மங்கை அம்மாவின் சொல் இதைத் தெளிவாகவே காட்டுகிறது. கனமான தேர்வு எப்போதும் மதிப்பெண்ணைக் குறைக்கும் என்பதையும் பாடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

இளங்கோ எழுதியது:

சரவணன், புள்ளி கனமான பக்கத்தை நோக்கி நகர்கிறது என்பது சரி. ஆனால் 66-க்கு இடப்பக்கம் இருக்கும் எடை 60, வலப்பக்கம் இருப்பது 40. இவை சமமாக இல்லை, கோலோ சாயாமல் நிற்கிறது. இருபுறமும் எடையைச் சமமாகப் பிரிக்கும் இடம் இடைநிலை அளவு, சராசரி அப்படிப்பட்டதன்று. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, ‘சமன்புள்ளி’ என்ற சொல் மாணவரை இதே குழப்பத்துக்குள் கொண்டுபோய் விடுமோ என்ற என் அச்சம் கூடிவிட்டது.

சமமாக இருப்பது எடையைத் தொலைவால் பெருக்கி வரும் அளவு. தேர்வு 66-இலிருந்து 16 தொலைவில் 50-இல் இருக்கிறது; 60-ஐ 16-ஆல் பெருக்கினால் 960. பயிற்சிகள் 24 தொலைவில் 90-இல் இருக்கின்றன. 40-ஐ 24-ஆல் பெருக்கினாலும் 960. கனம் குறைந்த பக்கம் தொலைவில் நின்று ஈடுகட்டுகிறது. எடைகள் தம் தொலைவுக்கு எதிர்விகிதத்தில் இருந்தால் நெம்புகோல் சமநிலை பெறும் என்று ஆர்க்கிமிடீசு நிறுவியதும் இதைத்தான். இயற்பியலில் இந்தப் பெருக்கலுக்குத் திருப்புத்திறன் என்ற பெயர் உண்டு. மதிப்பெண் பாடத்தில் ‘இழுப்பு’ என்ற எளிய சொல்லே போதும் என்று நினைக்கிறேன்.

கனமான தேர்வு எப்போதும் குறைக்கும் என்ற உங்கள் இரண்டாம் கருத்தையும் இழுப்பை வைத்தே சோதிக்கலாம். இதே மாணவர் தேர்வில் 90 எடுத்திருந்தால் அது 90-இலேயே அமர்ந்திருக்கும், தொலைவு சுழியாகும், எடை 60 இருந்தும் எந்தப் பக்கமும் இழுக்காது. 100 எடுத்திருந்தால் மேலே இழுத்து 96-இல் நிறுத்தியிருக்கும். எனவே எடை என்பது இழுக்கும் ஆற்றல் மட்டுமே. எந்தத் திசையில், எவ்வளவு என்பதை அந்த மதிப்பெண் எங்கே விழுந்தது என்பதுதான் முடிவு செய்கிறது.

பத்துச் சிறு பயிற்சிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் மங்கை அம்மாவின் கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பத்தும் ஒரே மதிப்பெண்ணில் இருக்கப்போவதில்லை. ஒன்று 80-இலும் இன்னொன்று 100-இலும் இருந்தால், 90-ஐப் பொறுத்தவரை அவற்றின் இழுப்புகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. எஞ்சுவது 90-இல் வைத்த 40 எடை மட்டுமே. ஒரு பயிற்சியில் 10 மதிப்பெண் கூடினால் இறுதி மதிப்பெண் 0.4 நகரும். தேர்வில் 10 கூடினால் 6 நகரும். பத்துப் பயிற்சிகளிலும் முழு மதிப்பெண் பெற்றிருந்தாலும் 66 என்பது 70 ஆகியிருக்கும், அதற்கு மேல் இல்லை. சிறியவை பலவாக இருப்பதால் தாமாகவே கனம் பெறுவதில்லை, தமக்குள் சிதறியும் போகின்றன. தேர்வுக்கோ தன்னைச் சமன்செய்ய இன்னொரு தேர்வு இல்லை.

சுதர்சினி எழுதியது:

அன்புடையீர், புள்ளியின் பெயருக்கு முன் எடையின் பெயரைப் பற்றிச் சற்றுக் கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கிலோகிராமில் அளப்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நிறை என்கின்றன, எங்கள் இலங்கைப் பாடநூல்கள் திணிவு என்கின்றன. நியூட்டனில் அளப்பதை நீங்கள் எடை என்கிறீர்கள், நாங்கள் நிறை என்கிறோம். ஆகவே ‘நிறையிட்ட’ என்று எழுதினால் இரு நாட்டு மாணவரும் அதே சொல்லை வெவ்வேறு பொருளில் படிப்பார்கள். போதாததற்கு நிறை என்றால் முழுமை என்ற பொருளும் உண்டு; ‘நிறையிட்ட மதிப்பெண்’ என்பதை முழு மதிப்பெண் என்று வாசித்த மாணவரை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். ‘எடை’ இரு நாட்டிலும் பேச்சு வழக்கில் தெளிவாகப் புரியும் சொல், எனவே ‘எடையிட்ட சராசரி’க்கே என் ஆதரவு. அதை ‘எடைச் சராசரி’ என்று சுருக்க வேண்டாம்; உடல் எடைகளின் சராசரி என்று பொருள்பட்டுவிடும்.

புள்ளிக்கு ‘தாங்குபுள்ளி’ என்பதைப் பரிசீலிக்கலாம். கோலின் அடியில் விரலை எங்கே வைத்தால் அது தாங்கி நிற்குமோ அந்த இடம். எது எதற்குச் சமம் என்று அந்தச் சொல் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆகையால் தவறாகவும் சொல்லவில்லை. வினைத்தொகை என்பதால் இடையில் ஒற்று மிகுமோ என்ற ஐயமும் எழாது.

ரகு எழுதியது:

இளங்கோ ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. நேற்று மகளோடு சேர்ந்து மெய்யாகவே செய்து பார்த்தோம். ஒரு மீட்டர் மர அளவுகோலில் 50-இல் ஆறு நாணயங்களையும் 90-இல் நான்கையும் அடுக்கி, இரு ஓரங்களிலும் ஒவ்வொரு விரலை அடியில் கொடுத்து, மெல்ல உள்நோக்கி நகர்த்தினோம். விரல்கள் மாறி மாறி வழுக்கிச் சென்று ஒரே இடத்தில் சந்தித்தன. ஆனால் சந்தித்த இடம் 66 அன்று, 58. மூன்று முறை செய்தும் அதே 58. கணக்கில் தவறு எங்கே?

இளங்கோ எழுதியது:

கணக்கில் தவறில்லை. செய்து பார்த்து, வந்த எண்ணை மறைக்காமல் எழுதினீர்களே, அதுவே எனக்குப் பெரிய உதவி. உங்கள் அளவுகோலுக்கும் எடை உண்டு. அது சீராக இருப்பதால் அந்த எடை முழுவதும் நடுவில், 50-இல் வைத்தது போலவே வேலை செய்யும். யாரும் எழுதாத ஒரு தேர்வில் யாரும் போடாத 50 மதிப்பெண்ணாக அது கணக்கில் புகுந்துவிட்டது. விரல்கள் 58-இல் சந்தித்ததிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடலாம்: நாணயங்கள் மட்டும் 66-இல் நிற்கும், கோல் மட்டும் 50-இல் நிற்கும், 58 இரண்டுக்கும் நட்டநடுவே இருக்கிறது, ஆகவே உங்கள் அளவுகோலின் எடை பத்து நாணயங்களின் எடைக்குச் சமம். தராசில் வைத்துச் சரிபாருங்கள். நாணயங்களுக்குப் பதிலாக மிகக் கனமான கட்டிகளை அதே ஆறுக்கு நான்கு விகிதத்தில் வைத்தால் சந்திக்கும் இடம் 66-ஐ நெருங்கும். மங்கை அம்மா தம் பாடத்தில் ‘எடையற்ற கோல்’ என்று தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் கிடைக்காது.

சரவணன் எழுதியது:

இடைநிலை அளவோடு நான் குழப்பிக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ‘தாங்குபுள்ளி’ என்பதை நெம்புகோலின் ஆதாரப்புள்ளிக்குப் பெயராகத்தான் மாணவர் எடுத்துக்கொள்வர். நெம்புகோலில் ஆதாரத்தை நாம் விரும்பிய இடத்தில் வைக்கிறோம். இங்கோ மதிப்பெண்களும் எடைகளும் அதன் இடத்தை முடிவு செய்கின்றன. இந்த வேறுபாடு சொல்லில் தெரியவில்லை.

மங்கை எழுதியது:

சரவணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதற்கு என்னிடம் இன்னும் விடை இல்லை. கணக்குக்கு ‘எடையிட்ட சராசரி’ என்றும், எடையைத் தொலைவால் பெருக்குவதற்கு ‘இழுப்பு’ என்றும் வைத்துக்கொள்கிறேன். ‘சமன்புள்ளி’யைத் திரும்பப் பெறுகிறேன், அதை முன்மொழிந்தது நானே என்றாலும், முதல் வாசகரையே அது இடைநிலை அளவுக்கு அழைத்துச் சென்றுவிட்டது. அடுத்த வரைவில் ‘தாங்குபுள்ளி’யைப் பயன்படுத்திப் பார்க்கிறேன்.

சுதர்சினி அவர்களிடம் ஒரு கேள்வி. தேர்வு நடக்கும் முன்பு கோலில் பயிற்சிகள் மட்டுமே இருப்பதால் தளம் 90 என்று காட்டுகிறது, மாணவரும் தம் மதிப்பெண் 90 என்றே நம்பிவிடுகிறார். 60 எடை இன்னும் வைக்கப்படாத அந்தக் கோலின் புள்ளியையும் தாங்குபுள்ளி என்றே அழைக்கலாமா, அல்லது ‘இதுவரைத் தாங்குபுள்ளி’ போல ஓர் அடைமொழி வேண்டுமா?