சாப்பிடும்போது மட்டும் விசிலடித்த காது மெஷின்

நாகலூர் பேத்தி:

அப்புச்சிக்கு 79 வயது. ஏற்காடு பக்கம் நாகலூரில் இருக்கிறார், காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தவர். இரண்டு வருடமாகவே வீட்டில் தினம் ஒரு கூத்து. "பால் குடிச்சீங்களா?" என்று அம்மாயி கேட்டால், "கால் நல்லாத்தான் இருக்கு" என்பார். சத்தம் காதில் விழுகிறது, சொல்தான் விழுவதில்லை. சேலத்துக்குக் கூட்டிவந்து பரிசோதித்தபோது காரணம் தெரிந்தது. கனத்த சத்தங்கள் அவருக்கு 40 டெசிபலிலேயே கேட்கின்றன. கீச்சென்ற சத்தங்கள், அதாவது 3000, 4000 ஹெர்ட்ஸ் பக்கம், 75 வரை ஏற்றினால்தான் கேட்கிறது. ப, க, ச எல்லாவற்றையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அந்த மேல் சத்தங்கள்தானாம்.

மாமா, காதுக்குள் ஒளிந்துகொள்ளும் சின்ன மெஷின்தான் வேண்டும் என்றார். நாலு பேர் பார்க்கக் கூடாது என்று அவர் கவலை. பரிசோதித்த பெண் வாதாடவில்லை. அந்த மெஷினுக்குப் போடும் 10-ஆம் நம்பர் பேட்டரியை அப்புச்சி கையில் கொடுத்து, போடச் சொன்னார். பருப்பு சைஸ் இருக்கும். மூன்று தடவை கீழே விழுந்தது, மூன்றாவது தடவை தேடி எடுக்கவே ஐந்து நிமிடம். அதோடு மாமா பேச்சை நிறுத்திவிட்டார். காதுக்குப் பின்னால் மாட்டும் பி.டி.இ. மெஷின், கொஞ்சம் பெரிய 13-ஆம் நம்பர் பேட்டரி, காதில் அச்சு எடுத்துச் செய்த மோல்டு என்று முடிவானது. வலது காதுக்கு மட்டும், 22,000 ரூபாய்.

முதலில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பழக்கினார்கள். பத்தாம் நாள் ஏற்றினார்கள். பால், பாலாகவே கேட்டது! அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தார், காதிலிருந்து விசில். மென்றால் விசில், நிறுத்தினால் நின்றது. கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். வாங்கிய இடத்துக்குக் கொண்டுபோனோம். கம்ப்யூட்டரில் மாட்டி ஏதோ தட்டினார்கள், பத்து நிமிடத்தில் விசில் போயே போச்சு. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் காலை அம்மாயி பாலைப் பற்றிக் கேட்க, அவர் மறுபடியும் காலைப் பற்றிச் சொல்கிறார்.

மெஷின் பழுதா? வேறு வாங்க வேண்டுமா?

அம்மாபேட்டை தறிக்காரர்:

விலை குறைந்த மெஷின் என்றால் விசில் அடிக்கத்தான் செய்யும். சத்தத்தை எத்தனை பங்காகப் பிரித்துச் சரிசெய்கிறது, அதாவது எத்தனை சேனல் என்று பார்த்தீர்களா? 16 சேனலுக்குக் கீழே வாங்கவே கூடாது. எனக்கு விசைத்தறியில் 30 வருடம் நின்று காது போனது. ராத்திரியானால் காதுக்குள் வண்டு ரீங்காரம் வேறு. அதற்கு ஏதாவது மெஷின் இருக்கிறதா என்று யாராவது சொல்லுங்கள்.

ஐந்து ரோடு அக்கா:

காது பரிசோதனை வேலையில் 20 வருடம் இருந்தவள் நான். சேனல் கதை அப்புறம் இருக்கட்டும். கண்ணு, இரண்டு கேள்வி. விசில் வரும்போது மோல்டை விரலால் லேசாக உள்ளே அழுத்தினால் நிற்கிறதா? அப்புச்சிக்குப் பல்செட் உண்டா?

தறிக்காரருக்கு: ரீங்காரம் கேட்பவர்கள் பலருக்கு, காது மெஷின் மாட்டி வெளிச்சத்தம் கேட்க ஆரம்பித்தாலே ஓரளவு அடங்கும். எல்லோருக்கும் அல்ல. முதலில் ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்கள்.

நாகலூர் பேத்தி:

அழுத்தினால் நின்றது அக்கா, அம்மாயி அப்படித்தான் ஒரு கையால் பிடித்துக்கொண்டு சோறு போடுவார். பல்செட் இருக்கிறது. அச்சு எடுத்த அன்று கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி என் பையில்தான் வைத்திருந்தார்.

ஐந்து ரோடு அக்கா:

அதுதான் விஷயம். தாடை எலும்பு காதுக் குழாயை ஒட்டி இருக்கிறது. வாய் அசைந்தால் குழாயின் வடிவமும் மாறும். பல்செட் இருந்தால் தாடை நிற்கும் இடமே வேறு. பல் இல்லாமல், வாயை மூடிக்கொண்டு எடுத்த அச்சு, பல்லோடு மெல்லும்போது இடைவெளி விடும். அந்த இடைவெளியில் சத்தம் வெளியே கசிந்து மெஷினின் மைக்குக்கே திரும்பும். கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் முன்னால் கொண்டுபோனால் என்ன ஆகும்? அதேதான்.

கடையில் செய்தது குறுக்கு வழி. விசிலாகத் திரும்பி வருவது பெரும்பாலும் அந்த மேல் சத்தங்கள்தான், அதனால் அவற்றைக் குறைத்துவிட்டார்கள். விசில் நின்றது. ஆனால் அப்புச்சிக்கு மெஷின் தேவைப்பட்டதே அந்தச் சத்தங்களுக்காகத்தான். அழுத்தியும் விசில் நிற்கவில்லை என்றால் குறும்பி அடைத்திருக்கலாம், மெஷினையும் மோல்டையும் இணைக்கும் டியூபில் விரிசல் இருக்கலாம், மெஷினே கெட்டிருக்கலாம். இங்கே நின்றதால் மோல்டுதான்.

பல்செட்டோடு, வாயைத் திறந்து மூடச் சொல்லி, புது அச்சு எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் காதில் குறும்பி இருந்தால் எடுத்துவிட வேண்டும். புது மோல்டு வந்ததும் பத்தாம் நாள் வைத்த அளவுக்கே திரும்ப ஏற்றச் சொல்லுங்கள். அந்த அளவு அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை மருமகள்:

எங்கள் அத்தைக்கு ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன், சார்ஜ் போடுகிற மாதிரி. பரிசோதனை, அச்சு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது. மிக்ஸி போட்டால் மட்டும் பிடுங்கி எறிந்துவிடுகிறார்.

ஐந்து ரோடு அக்கா:

அது எல்லாச் சத்தத்தையும் சேர்த்து ஏற்றும், மிக்ஸியையும் சேர்த்துத்தான். அத்தைக்கு எந்தச் சத்தம் கேட்கவில்லை என்று அதற்குத் தெரியாது. ஒருமுறை பரிசோதனையாவது செய்துவிடுங்கள்.

மஞ்சக்குட்டை ரிட்டயர்டு வாத்தியார்:

எனக்கு ஆர்.ஐ.சி. மெஷின், காதுக்குள் போகும் மெல்லிய வயர் நுனியில் குட்டி ஸ்பீக்கர் இருக்குமே, அது. மகன் சென்னையில் ஒரு கடையில் வாங்கிக் கொடுத்தான். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் முதல் மழைக்காலமே சத்தம் மங்கியது. சேலத்தில் குறும்பி ஃபில்டரை மாற்றினார்கள், போதவில்லை. ஸ்பீக்கரை மாற்றி அளவு திருத்தலாம் என்று பார்த்தால் சாஃப்ட்வேர் பூட்டியிருக்கிறது, விற்ற கடையின் கிளையில்தான் திறக்குமாம். கூரியரில் போய் மூன்று வாரம் கழித்து வந்தது. அதுவரை செவிடன்தான். இப்போது ராத்திரி அரிசி டப்பாவுக்குள் போட்டு வைக்கிறேன்.

ஐந்து ரோடு அக்கா:

சார், அரிசி வேண்டாம், அந்தத் தூசி ஓட்டைகளில் போய் அடைக்கும். சிலிகா ஜெல் போட்ட மூடி டப்பா வாங்குங்கள், பேட்டரியைக் கழற்றிவிட்டு மெஷினை மட்டும் உள்ளே வையுங்கள். நாகலூருக்கும் இதேதான். பி.டி.இ.யில் டியூபுக்குள் நீர் முத்து கோர்த்துக்கொண்டால் சத்தம் நின்றே போகும். மோல்டையும் டியூபையும் கழற்றிவிட்டு மெஷினை மட்டும் உள்ளங்கையில் பொத்திப் பாருங்கள். விசில் வந்தால் பெரும்பாலும் மெஷின் நலம், டியூபை ஊதிக் காயவைத்தால் போதும். மலை இறங்க வேண்டியதில்லை.

நாகலூர் பேத்தி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். புது மோல்டு வந்துவிட்டது, காசு வாங்கவில்லை. பல்செட் போட்டுத்தான் அச்சு எடுக்க வேண்டும் என்று சொன்னபோது அங்கே இருந்த பையன் ஒரு மாதிரி பார்த்தான். அளவையும் பழையபடி ஏற்றச் சொல்லி, கடையிலேயே ஒரு பன் வாங்கி மெல்லவைத்துப் பார்த்தோம். விசில் இல்லை. பால் மறுபடியும் பாலாகிவிட்டது.

ஆனால் விடியற்காலையில் குளிருக்குக் குல்லாயைக் காது மூடப் போட்டால் இன்னும் கீச்சென்கிறது. இடது பக்கம் உட்கார்ந்து பேசினால் சரியாகக் கேட்கவில்லை என்கிறார். இன்னொரு காதுக்கும் வாங்க வேண்டுமா?

அம்மாபேட்டை தறிக்காரர்:

ஒன்று போதும். எங்கள் அப்பா கடைசி வரை ஒரு காதில்தான் மாட்டினார்.

ஐந்து ரோடு அக்கா:

இரண்டு காதும் ஒரே அளவு போயிருந்தால் இரண்டுக்கும் போடுவதுதான் நல்லது, கூட்டத்தில் பேச்சைப் பிரித்தெடுக்க உதவும். ஆனால் 22,000 இன்னொரு முறை என்றால் நான் எப்படிச் சொல்வது? இடது காது ரிப்போர்ட்டைப் பாருங்கள், ஒரு வாரம் கடன் மெஷின் கொடுப்பார்களா என்றும் கேளுங்கள். குல்லாய் மைக்கை மூடினால் கொஞ்சம் கீச்சிடத்தான் செய்யும், காதுக்கு மேலே மடித்துவிடச் சொல்லுங்கள்.

நாகலூர் பேத்தி:

குல்லாயை மடிக்க மாட்டேன் என்கிறார் அக்கா. காது குளிருதாம்.