ஒரே ‘வேண்டும்’ எத்தனை சுமை தாங்கும்?

ஏட்டுச்சுவடி: தர மேலாண்மைக் கையேட்டையும் அதன் தணிக்கைச் சரிபார்ப்புப் பட்டியலையும் தமிழாக்கம் செய்கிறேன். ஆங்கில மூலத்தில் ‘ஷால்’, ‘ஷுட்’, ‘மே’, ‘கேன்’ நான்கும் வருகின்றன. முதல் இரண்டுக்கும் ‘வேண்டும்’, அடுத்த இரண்டுக்கும் ‘லாம்’ என்றே கை போகிறது. பிரித்துக் காட்டியே தீர வேண்டுமா?

நிலவொளி: பிரித்தே ஆக வேண்டும். சுலபமான வழி இருக்கிறது. ‘ஷால்’ வந்தால் ‘கட்டாயம் செய்ய வேண்டும்’, ‘ஷுட்’ வந்தால் வெறும் ‘செய்ய வேண்டும்’. முடிந்தது வேலை.

பழைய தணிக்கையாளர்: பிரிக்கச் சொன்னது சரி; பிரித்த இடம்தான் தவறு. ‘கட்டாயம்’ இல்லாத ‘வேண்டும்’ என்பதை யாரும் பரிந்துரையாகப் படிப்பதில்லை. ஐஎஸ்ஓ 9001இன் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறது: ‘ஷால்’ தேவை, ‘ஷுட்’ பரிந்துரை, ‘மே’ அனுமதி, ‘கேன்’ சாத்தியம் அல்லது திறன்.

நான் பார்த்த ஒரு கையேட்டில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருந்தன. மைக்ரோமீட்டரைக் குறித்த இடைவெளியில் அளவுத்திருத்தம் செய்வது ‘ஷால்’. வேலை முடிந்ததும் அதை உறையில் வைப்பது ‘ஷுட்’. தமிழில் இரண்டும் ‘வேண்டும்’ ஆகிவிட்டன. உள்தணிக்கைக்கு வந்தவர் மேசையில் உறையின்றிக் கிடந்த மூன்று மைக்ரோமீட்டர்களைப் பார்த்து ‘இணக்கமின்மை’ என்று எழுதினார். மூன்றுக்கும் அளவுத்திருத்தம் முறையாக நடந்திருந்தது. மூலக் காரணம் தேடி, திருத்த நடவடிக்கைப் படிவம் நிரப்பி, எல்லாம் முடிந்த பிறகுதான் ஒருவர் மூலத்தைத் திறந்து பார்த்தார். அது அவதானிப்பாக எழுதியிருக்க வேண்டிய விஷயம்.

ஆகவே ‘வேண்டும்’ என்பதை ‘ஷால்’ ஒன்றுக்கே ஒதுக்கிவிடுங்கள். ‘ஷுட்’ வந்தால் ‘உறையில் வைப்பது நல்லது’ அல்லது ‘வைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது’. ‘கட்டாயம்’ என்ற சொல் எங்குமே வேண்டாம். ஓரிடத்தில் அதைச் சேர்த்தால், சேர்க்காத இடத்து ‘வேண்டும்’ தானாக இளைத்துப்போகும்.

பணிமனைக்காரன்: ‘வைப்பது நல்லது’ என்று எழுதினால் ஒருவரும் உறையில் வைக்க மாட்டார்கள். பத்து ஆண்டுகளாக ஷிப்ட் மேற்பார்வையாளராக இருக்கிறேன், எனக்குத் தெரியும். எல்லாமே ‘வேண்டும்’ என்று இருந்துவிட்டுப் போகட்டும்.

பழைய தணிக்கையாளர்: அப்படி விரும்பினால் மூலத்திலேயே ‘ஷுட்’டை ‘ஷால்’ ஆக்கி ஒப்புதல் வாங்குங்கள். அது நிறுவனத்தின் முடிவு. மொழிபெயர்ப்பவர் தன் மேசையில் உட்கார்ந்து புதிய தேவையை உருவாக்க முடியாது. பிறகு அதை மீறியதற்காக இன்னொருவர் படிவம் நிரப்ப வேண்டிவரும்.

பணிமனைக்காரன்: ஒப்புதல் வாங்க ஆறு மாதம் ஆகும். அதுவரை மைக்ரோமீட்டர் மேசையில்தான் கிடக்கும்.

அரும்பு: எங்கள் பட்டியலில் இந்தத் தொல்லையே இல்லை. எல்லா வரியும் ‘செய்யவும்’ என்றுதான் முடியும்.

பழைய தணிக்கையாளர்: தொல்லை இல்லை என்று சொல்லாதீர்கள், மறைந்திருக்கிறது. ‘செய்யவும்’ ஆணையாகவும் படிக்கப்படும், பணிவான கோரிக்கையாகவும் படிக்கப்படும். சரிபார்ப்புப் பட்டியலில் கேள்வி வடிவமும் இதே வேலையைத்தான் செய்கிறது. ‘அளவுத்திருத்தம் செய்யப்பட்டுள்ளதா?’, ‘உறையில் வைக்கப்பட்டுள்ளதா?’ இரண்டுக்கும் பதில் ஆம் அல்லது இல்லை. தேவை எது, பரிந்துரை எது என்பது கேள்வியில் எங்கே இருக்கிறது? மூலத்திலும் இதே கதைதான் என்றாலும், அங்கே கையேட்டின் உட்பிரிவு எண்ணைப் பிடித்துத் திரும்பிப் போகலாம். அந்த எண்ணையும் பக்கத்தில் ‘தேவை’, ‘பரிந்துரை’ என்ற ஒரு கட்டத்தையும் ஒவ்வொரு கேள்விக்கும் வைத்துவிடுங்கள்.

ஏட்டுச்சுவடி: எதிர்மறையில்தான் நான் தடுமாறினேன். ‘காலாவதியான வரைபடத்தைப் பயன்படுத்த வேண்டியதில்லை’ என்று எழுதிவிட்டு, மறுநாள் படித்தபோது திடுக்கிட்டேன். மூலத்தில் அது தடை!

பழைய தணிக்கையாளர்: நல்ல வேளை, நீங்களே பிடித்தீர்கள். ‘வேண்டியதில்லை’ என்பது கடமையிலிருந்து விடுவிப்பது. பயன்படுத்த விரும்புகிறவர் தாராளமாகப் பயன்படுத்துவார். தடைக்கு ‘பயன்படுத்தக் கூடாது’. பரிந்துரையின் எதிர்மறைக்கு ‘தவிர்ப்பது நல்லது’. இந்த இடங்களை மட்டும் இரண்டாவது ஆள் மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்கட்டும்.

நிலவொளி: என் ‘கட்டாயம்’ போனது, சரி. ‘லாம்’ என்ன ஆவது? ‘மேற்பார்வையாளர் தொகுப்பை விடுவிக்கலாம்’ என்றால் அனுமதி. ‘ஈரப்பதத்தால் அளவு மாறலாம்’ என்றால் சாத்தியம். எழுவாயைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறதே?

பழைய தணிக்கையாளர்: பெரும்பாலும் தெரியும். ‘வாடிக்கையாளர் மாதிரியைத் திருப்பி அனுப்பலாம்’ என்பதைப் பாருங்கள். அவருக்கு உரிமை தருகிறோமா, அனுப்பிவிடக்கூடும் என்று எச்சரிக்கிறோமா? அனுமதி என்றால் ‘திருப்பி அனுப்ப அனுமதி உண்டு’ என்பேன். திறனைச் சொல்லும் ‘கேன்’ என்றால் ‘இயலும்’.

நிலவொளி: பக்கத்துக்குப் பத்து ‘அனுமதி உண்டு’ வந்தால் சகிக்காது. ஐயம் வரும் இடத்தில் மட்டும் அதைப் போட்டு, மற்ற இடங்களில் ‘லாம்’ என்றே விடுவேன்.

பழைய தணிக்கையாளர்: ‘கட்டாயம்’ செய்த அதே வேலையை அது செய்யும். ‘அனுமதி உண்டு’ என்று சில இடங்களில் பார்த்தவர், ‘லாம்’ வரும் இடங்களில் அனுமதி இல்லையோ என்று தயங்குவார்.

நிலவொளி: தயங்கினால் கேட்கட்டும். நான் இதில் உங்களோடு ஒத்துப்போகவில்லை.

ஏட்டுச்சுவடி: ‘மஸ்ட்’ என்று ஒன்று இரண்டே இடங்களில் வருகிறது. இரண்டும் சட்டத்தைப் பற்றியவை. அதற்கும் ‘வேண்டும்’தானா?

பழைய தணிக்கையாளர்: ஐஎஸ்ஓ எழுத்து விதிகளில் அது வெளியிலிருந்து வரும் கட்டுப்பாட்டுக்கு உரியது; ‘ஷால்’ இடத்தில் அதை எழுதுவதில்லை. உங்கள் கையேட்டை எழுதியவர் அப்படி நினைத்துத்தான் எழுதினாரா என்று முதலில் அவரிடம் கேளுங்கள். ஆம் என்றால் ‘சட்டப்படி பதிவு செய்ய வேண்டும்’ என்று எழுதலாம்.