கோண உந்தமா, உந்தத் திருப்பமா?

இயற்பியல் ஆசிரியை:
குழுவினருக்கு வணக்கம். நேர்கோட்டில் சீராகச் செல்லும் துகளுக்கும் ஒரு புள்ளியைப் பொறுத்துக் கோண உந்தம் உண்டு என்று வகுப்பில் சொன்னதும், "எதுவுமே சுற்றவில்லையே, கோணம் எங்கிருந்து வந்தது?" என்று ஒரு மாணவி கேட்டாள். குழப்பத்தில் பாதி நம் சொல்லால் வந்தது என்றே நினைக்கிறேன். விசையைச் செங்குத்துத் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன் என்கிறோம். அதையே உந்தத்துக்குச் செய்யும்போது 'உந்தத் திருப்புத்திறன்' என்று வழங்கலாமா?

பொறியாளர்:
மாற்றத் தேவையில்லை, அம்மா. அந்தப் புள்ளியில் நின்று துகளைப் பார்ப்பவர் தலையைத் திருப்பிக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆகவே கோணம் இருக்கிறது. அந்தக் கோண வேகம் மாறாததால் கோண உந்தமும் மாறவில்லை.

ஓய்வுபெற்ற பேராசிரியர்:
முற்பாதி சரி, பிற்பாதி பிழை. 2 கிலோ நிறையுள்ள துகள் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்றும், அதன் பாதை நம் புள்ளியிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றும் கொள்வோம். மிக அருகில் வரும்போது கோண வேகம் நொடிக்கு 0.75 ரேடியன், அதற்கு ஒரு நொடி முன்னர், தூரம் 5 மீட்டராக இருந்தபோது, 0.48தான். தலையைத் திருப்பும் வேகம் கூடிக் குறைகிறது. மாறாதது வேறு: உந்தம் 6, செங்குத்துத் தூரம் 4, இரண்டும் எந்த இடத்திலும் அவையே என்பதால் பெருக்கற்பலன் எப்போதும் 24. ஒவ்வொரு நொடியிலும் துகளின் பாதைத் துண்டையும் புள்ளியையும் இணைத்து முக்கோணம் வரைந்தால், அடிப்பக்கம் 3, உயரம் 4, பரப்பு 6 என்றே வரும். முக்கோணம் எவ்வளவு சாய்ந்தாலும் பரப்பு மாறாது. 1687இல் நியூட்டன் கோள்களின் பரப்பு விதியை நிறுவத் தொடங்கியதே, விசையில்லாத இந்த முக்கோணங்களிலிருந்துதான்.

கணினித் துறை அன்பர்:
அப்படியென்றால் எங்கள் ஊர்க் கிணற்றில் போடும் கல்லும் நேர்கோட்டில்தானே விழுகிறது? அதன் கோண உந்தமும் மாறாதா?

ஓய்வுபெற்ற பேராசிரியர்:
மாறும். கிணற்றடியில் தள்ளி நிற்பவரைப் பொறுத்துச் செங்குத்துத் தூரம் மாறாவிட்டாலும், புவியீர்ப்பால் உந்தம் வளர்கிறது; ஆகவே பெருக்கற்பலனும் வளர்கிறது. கல் விழும் கோட்டின்மீதே புள்ளியை வைத்தால் மட்டும் அது எப்போதும் சுழியம். நேர்கோடு என்பது போதாது, சீரான வேகமும் வேண்டும்.

யாழ்ப்பாணத்து ஆசிரியர்:
எங்கள் பாடநூல்களில் விசைக்கே 'திருப்பம்' என்ற சொல்தான்; ஆகையால் 'உந்தத் திருப்பம்' எங்கள் பிள்ளைகளுக்கு இயல்பாக இருக்கும். 'திறன்' என்று சேர்த்தால், வேலை செய்யும் வீதத்தைக் குறிக்கும் திறனோடு மயங்க இடமுண்டு.

இயற்பியல் ஆசிரியை:
அந்த மயக்கத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை, ஐயா. 'உந்தத் திருப்பம்' என்பதை ஏற்கிறேன். ஆனால் தன்னைத்தானே சுற்றும் பம்பரத்துக்கு இச்சொல் அவ்வளவு எளிதாகப் பொருந்துமா என்பதில் எனக்கு இன்னும் ஐயம் இருக்கிறது.