98 வீதம் என்றால் எதில் 98?

நோர்வுட் சிவா
எனக்கும் வீட்டுக்காரிக்கும் ஆயுள் காப்புறுதி எடுக்கப் பார்க்கிறேன். ஒரு கம்பனி ஏஜென்ட் கிளெய்ம் செட்டில்மென்ட் ரேஷியோ, அதாவது வந்த கிளெய்ம்களில் பணம் கொடுத்தவை, 98 வீதம் என்கிறார், இன்னொரு கம்பனிக்காரர் 93 என்கிறார். 98ஐ எடுத்தால் சரிதானே? இன்கர்ட் கிளெய்ம் ரேஷியோ என்று வேறொன்றும் சொல்கிறார்களே, அதையும் பார்க்க வேண்டுமா?

பதுளை ரவி
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 98ஐ எடுங்கள் தம்பி. இன்கர்ட் ரேஷியோவும் கூடினால் நல்லதுதான். வாங்கிய 100 ரூபாயில் 90ஐத் திருப்பித் தருகிறவன், 60 தருகிறவனைவிட மேல்.

கொட்டகலை மலர்
ரவி அண்ணே, கிளெய்ம் பிரிவில் பல வருஷம் இருந்தவள் சொல்கிறேன், அந்த 98 எதை எண்ணி வந்தது என்று முதலில் கேட்க வேண்டும். ஒரு கணக்குப் போடுவோம். கம்பனிக்கு 1,000 கிளெய்ம் வருகிறது. 980 பேர் ஆஸ்பத்திரியில் இருந்த நாளுக்குப் பணம் கேட்டவர்கள், சராசரி 50,000 ரூபாய். எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. மீதி 20 மரணக் கிளெய்ம், ஒவ்வொன்றும் 20 லட்சம். அத்தனையும் நிராகரிப்பு. எண்ணிக்கைப்படி 98 வீதம். தொகைப்படி? கேட்டது 8 கோடி 90 லட்சம், கொடுத்தது 4 கோடி 90 லட்சம். 55 வீதம்தான்.

வேண்டுமென்றே மோசமாக வைத்த கணக்கு இது. ஆனால் சாய்வு இந்தப் பக்கம்தான் இருக்கும். சின்னக் கிளெய்மை யாரும் துருவுவதில்லை, பெரிய தொகைக்குத்தான் விசாரணைக்கு ஆள் வரும். இந்தியாவில் காப்புறுதிக் கம்பனிகளை மேற்பார்வை செய்கிற ஐஆர்டிஏஐயின் ஆண்டறிக்கை தனிநபர் மரணக் கிளெய்முக்கு எண்ணிக்கை, தொகை இரண்டையும் கம்பனிவாரியாகப் போடுகிறது. யூடியூபில் பார்க்கிற ரேஷியோ பெரும்பாலும் அங்கத்தையது. அதை இங்கே இலங்கையில் உள்ள கம்பனிக்குப் பொருத்தாதீர்கள்.

ஹாலிஎல ஆட்டோக்காரன்
என் த்ரீவீலர் பள்ளத்தில் சரிந்தபோது கறாஜ் பில் 1,80,000. தேய்மானம், அது இது என்று கழித்து 95,000 தந்தார்கள், அதுவும் மாசக்கணக்கில் இழுத்து. இது செட்டில் ஆனதா, ஆகலையா?

கொட்டகலை மலர்
பைல் மூடியாச்சென்றால் செட்டில் ஆனதாகத்தான் எண்ணுவார்கள். எவ்வளவு வெட்டினார்கள், எத்தனை நாள் ஆனது என்பதெல்லாம் அந்த வீதத்தில் தெரியாது.

பதுளை ரவி
அப்போ வீதத்தைப் பார்க்கவே கூடாதா? 80 வீதக் கம்பனியில் போய் விழச் சொல்கிறீர்களா?

கொட்டகலை மலர்
80 என்றால் நானும் ஓடிவிடுவேன். 98க்கும் 93க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்க முடியாது என்றுதான் சொல்கிறேன். வேலைத்தளங்கள் மொத்தமாக எடுக்கிற குழுக் காப்புறுதியையும் சேர்த்து எண்ணினால் வீதம் தானாக ஏறும், அதில் தனித்தனியாக நோய் விபரம் கேட்பது குறைவு. இன்னொன்று, காலாவதியான பொலிசி. தோட்டத்தில் வேலைநாள் குறைந்த மாசங்களில் கட்டாமல் விடுவார்கள், சலுகை நாளும் போய்விடும். அப்புறம் ஆள் இறந்தாலும் பல குடும்பங்கள் கிளெய்மே போடாது. போடாத கிளெய்ம் எந்த ரேஷியோவிலும் வராது.

இன்கர்ட் ரேஷியோ வேறு விஷயம் அண்ணே. அந்த வருஷத்துக்கான பிரீமியத்தில் எவ்வளவு கிளெய்முக்குப் போனது என்ற கணக்கு, இன்னும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்ததும் அதில் சேரும். 90 என்றால் ஏஜென்ட் கமிஷனுக்கும் ஒபீஸ் செலவுக்கும் மீதி 10தான், அடுத்த வருஷம் பிரீமியம் ஏறலாம். 40 என்றால் நாம் கட்டுவதற்குப் பலன் குறைவு, இல்லை நிறைய நிராகரிக்கிறார்கள், இல்லை புதுக் கம்பனி. 2025 நவம்பர் டித்வா புயல் மாதிரி வந்தால் மண்சரிவு, வெள்ளக் கிளெய்ம்களால் ஒரே வருஷத்தில் குதிக்கும். அதனால் சில வருஷங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதுவும் வாகனம், மருத்துவம் மாதிரி வருஷக் காப்புறுதிக்குத்தான் பொருந்தும். சிவா தம்பி எடுக்கப்போவது நீண்டகால ஆயுள் காப்புறுதி, அதற்கு இது உதவாது.

பதுளை ரவி
வருஷக்கணக்காக 90 வைத்துக்கொண்டு பிரீமியம் ஏற்றாத கம்பனியும் இருக்குமே. அதை நான் நல்ல கம்பனி என்றுதான் சொல்வேன்.

நோர்வுட் சிவா
அக்கா, அந்த 20 பேரை ஏன் நிராகரிக்கிறார்கள்? எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. "இல்லைன்னு போட்டுக்கிறேன், பிரீமியம் குறையும்" என்கிறார் 98 வீதக்காரர்.

கொட்டகலை மலர்
அப்படிப் போட விடாதீர்கள். மரணம் நடந்தால் விசாரிக்கிறவர் முதலில் கேட்பது கிளினிக் கொப்பி. பொலிசித் திகதிக்கு முன்னாலேயே சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மின் எழுதியிருந்தால், வருத்தத்தை மறைத்ததாக நிராகரிக்கலாம். படிவத்தை நிரப்பியது ஏஜென்ட், கையெழுத்து உங்களுடையது. உள்ளதை எழுதுங்கள். பிரீமியம் கூடும், கூடட்டும். படிவத்தில் ஒரு கொப்பியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு ஏஜென்டிடமும் தனிநபர் மரணக் கிளெய்மை மட்டும் பிரித்து, தொகைப்படி எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

பதுளை ரவி
கேட்கலாம். ஹட்டன் கிளையில் யார் அதை எழுதித் தரப்போகிறார்கள்?

ஹாலிஎல ஆட்டோக்காரன்
வெட்டின என் 85,000க்கு, காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒம்புட்ஸ்மனுக்கு எழுதலாமா, யாராவது சொல்லுங்களேன்.

கொட்டகலை மலர்
முதலில் கம்பனித் தலைமை ஒபீசுக்கு எழுத்தில் முறைப்பாடு போடுங்கள் அண்ணே, பதிலைப் பத்திரமாக வையுங்கள். தேய்மானம் பொலிசியிலேயே எழுதியிருந்தால் அந்தப் பகுதி கிடைப்பது கஷ்டம். மற்றதற்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள்?