டி.எச்.யூ. நம்பரை லெட்டரின் முதல் வரியில் போடலாமா?

செக்கிங்_டேபிள்:
திருப்பூரில் ஒரு பின்னலாடை யூனிட்டில் நாலு வருஷமாக லைன் க்யூ.சி. வேறு கம்பெனியில் க்யூ.ஏ. எக்ஸிகியூட்டிவ் வேலைக்குக் கவர் லெட்டர் எழுதினேன், ஒன்றரைப் பக்கம் வந்துவிட்டது. சொந்த ஊர், அப்பா தொழில் என்று ஆரம்பித்து, 'தயவுகூர்ந்து ஒரு வாய்ப்புக் கொடுங்கள்' என்று முடிகிறது. எங்கள் லைனில் டி.எச்.யூ., அதாவது நூறு பீஸுக்கு எத்தனை குறை என்கிற கணக்கு, 9லிருந்து 5 ஆனது நடுவில் எங்கேயோ கிடக்கிறது. அதைத் தூக்கி முதல் வரியில் போடச் சொல்கிறார் ஒரு நண்பர். போடலாமா?

பழைய_பேனா:
முதல் வரியில் நம்பர் போடு என்று எவன் கிளப்பிவிட்டானோ, இப்போது வருகிற லெட்டரெல்லாம் எலெக்ஷன் ரிசல்ட் மாதிரி ஆரம்பிக்கிறது. பதினெட்டு வருஷம் கார்மென்ட் யூனிட்களில் ஆள் எடுத்தவன் சொல்கிறேன், தம்பி. 9லிருந்து 5 என்றதும் படிக்கிறவன் என்ன கேட்பான்? எந்த ஸ்டைலில்? பேசிக் ரவுண்ட் நெக்கில் 9 என்றால் லைனே சரியில்லை என்று அர்த்தம். பிளாக்கெட், காலர் எல்லாம் இருக்கிற போலோவில் 9 என்றால் கதை வேறு. அந்தப் பதில் நம்பருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். முதல் வரியில் அதற்கு இடம் ஏது? எந்த வேலைக்கு எழுதுகிறாய், உனக்கும் அந்த வேலைக்கும் என்ன பொருத்தம், அவ்வளவுதான் தொடக்கத்துக்கு.

ஊசிமுனை:
வந்துவிட்டார் பெரியவர். ரெஸ்யூமேயில் 'அப்ஜெக்டிவ்' கட்டாயம் வேண்டும் என்று போன மாதம் சண்டை போட்டவரும் இவர்தான். சார், நீங்கள் எச்.ஆர்., நான் க்யூ.ஏ. மேனேஜர். கடைசியில் ஆளைத் தேர்ந்தெடுப்பது நான். காலையில் மெயிலைத் திறந்தால் இருபது லெட்டரும் 'இந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறேன்' என்றே ஆரம்பிக்கிறது. அதில் ஒன்று மட்டும் 9லிருந்து 5 என்று ஆரம்பித்தால் அதைத்தான் படிப்பேன். தம்பி, முதல் வரியில் நம்பர்.

மஞ்சப்பை:
போட்டோவை லெட்டரில் ஒட்ட வேண்டுமா, பயோடேட்டாவில் ஒட்ட வேண்டுமா? என் மச்சான் கூட்டுறவு பேங்க்குக்குப் போட்டபோது இரண்டிலும் ஒட்டினான்.

பழைய_பேனா:
மஞ்சப்பை, இங்கே போட்டோ பற்றிப் பேச்சே இல்லை.

ஊசிமுனை, படிப்பீர்கள் சரி. படித்துவிட்டு நம்புவீர்களா? எப்படிக் குறைந்தது என்று சொல்லாத நம்பரை எவனும் எழுதலாம். குறையை எழுதாமல் விட்டாலே டி.எச்.யூ. இறங்கிவிடும், அது உங்களுக்கும் தெரியும். தம்பி, நீங்கள் சொல்லுங்கள்: அது எப்படிக் குறைந்தது?

செக்கிங்_டேபிள்:
போலோ ஸ்டைல்தான் அண்ணா. மூன்று மாதம் குறைகளை ஆபரேஷன் வாரியாக எழுதி வைத்தேன். பாதிக்கு மேல் பிளாக்கெட்டிலும் காலர் அட்டாச்சிலும்தான் வந்தது. அந்த இரண்டு மெஷினில் மட்டும் மணிக்கு ஒரு தடவை ஐந்து பீஸ் பார்த்தோம், குறை தெரிந்தால் அங்கேயே நிறுத்தினோம். சூப்பர்வைசர் அக்காவும் கூட நின்றார்கள். இன்னொன்று, 1,200 பீஸ் லாட் ஒன்று பையர் இன்ஸ்பெக்ஷனில் ஃபெயில் ஆனது. 80 பீஸ் எடுத்துப் பார்த்தார்கள், 6 மேஜர் குறை. ஷேட் வித்தியாசம். நான்தான் பண்டில் வாரியாகப் பிரித்து, மாறிப்போன துணி ரோலைக் கண்டுபிடித்தேன். லெட்டரில் 'ஷேட் பிராப்ளம் சால்வ் செய்தேன்' என்று மட்டும் இருக்கிறது.

பழைய_பேனா:
பார்த்தீர்களா, இத்தனை சரக்கையும் உள்ளே வைத்துக்கொண்டு அப்பா தொழிலை எழுதியிருக்கிறார்! ஒன்றரைப் பக்கம் வேண்டாம், ஒரு பக்கத்துக்கும் குறைவாகவே முடியும். தமிழில் எழுதுகிறேன், இங்கிலீஷுக்கு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

தொடக்கம்: 'க்யூ.ஏ. எக்ஸிகியூட்டிவ் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். நான்கு ஆண்டுகளாகப் பின்னலாடைத் தையல் லைனில் தரம் பார்க்கிறேன். குறை எந்த மெஷினில் பிறக்கிறதோ அங்கேயே நிறுத்துவதில்தான் என் அனுபவம் அதிகம்.'

அடுத்த பத்தி முழுக்க போலோ கதை. மூன்று மாதம் எழுதியது, இரண்டு மெஷின், மணிக்கு ஐந்து பீஸ், கடைசி வாக்கியத்தில் 9லிருந்து 5. அதற்கடுத்த பத்தி அந்த 1,200 பீஸ் லாட். இரண்டும் ஐந்தாறு வரிக்குள் நிற்க வேண்டும். போலோவுக்குப் பன்னிரண்டு வரியும் லாட்டுக்கு ஒரு வரியும் என்றால் இரண்டாவதை ஒப்புக்குச் சேர்த்த மாதிரி இருக்கும், இப்போது அப்படித்தான் இருக்கிறது.

முடிவு: 'எனக்கு 30 நாள் நோட்டீஸ் உண்டு. நேரில் அழைத்தால் அந்த மூன்று மாதக் குறைப் பதிவை எப்படி வைத்தேன் என்று விளக்குகிறேன்.' தயவுகூர்ந்து, வாய்ப்புக் கொடுங்கள் எல்லாம் வேண்டாம். நடுவில் 'என்னைப் போல உழைக்க ஆளில்லை' என்று வேறு எழுதியிருப்பீர்களே?

செக்கிங்_டேபிள்:
ஆமாம் அண்ணா, இருக்கிறது.

பழைய_பேனா:
தெரியும். நடுவில் மார்தட்டல், கடைசியில் காலில் விழுகிற கும்பிடு. படிக்கிறவனுக்கு இரண்டு பேர் சேர்ந்து எழுதின மாதிரி இருக்கும். முதல் வரியில் எந்தக் குரலோ அதே குரலில் முடியட்டும்.

ஊசிமுனை:
'குறை எங்கே பிறக்கிறதோ' என்று கவிதை எழுதச் சொல்கிறீர்கள், நம்பர் எழுதினால் மட்டும் எலெக்ஷன் ரிசல்ட்டா? உங்கள் தொடக்கத்தில் ஆதாரம் என்று ஒரு சொல் இல்லை. 'போலோ லைனில் டி.எச்.யூ.வை 9லிருந்து 5 ஆகக் குறைத்தேன்.' ஸ்டைலும் வந்தாயிற்று, நம்பரும் வந்தாயிற்று. இடமில்லை என்றீர்களே, ஒரு வரியில் அடங்கிவிட்டது பாருங்கள்.

பாபின்கேஸ்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 'குறைத்தேன்' என்றா எழுதுவது? சூப்பர்வைசர் அக்கா கூட நின்றார்கள் என்று அவரே சொல்கிறார். நான் அப்படி எழுதிவிட்டு இன்டர்வியூவில் மாட்டினேன். லைன் பேலன்ஸிங் யார் செய்தது என்று கேட்டார்கள், முழித்தேன்.

ஊசிமுனை:
எல்லாவற்றுக்கும் 'குறைத்தோம்' போட்டால் கம்பெனி வேலைக்கு எடுக்கப் போவது அந்த அக்காவையா?

பாபின்கேஸ்:
எழுதி வைத்தது, எந்த மெஷின் என்று கண்டுபிடித்தது 'நான்'. நிறுத்தியது 'நாங்கள்'. பிரித்து எழுதினால் என்ன குறைந்துவிடும்? நீங்கள் மேனேஜர், லைன் சாதனையை உங்கள் பெயரில் போட்டுப் பழக்கம் போல.

ஊசிமுனை:
என்னைத் தெரியாமல் பேச வேண்டாம். தையல் மெஷினில் உட்கார்ந்துதான் மேலே வந்தேன்.

பழைய_பேனா:
பாபின்கேஸ் சொன்னது சரி, அதனால்தான் நம்பர் முதல் வரியில் வரக் கூடாது என்கிறேன். நான் எது, நாங்கள் எது என்று பிரித்துச் சொல்ல பத்தி வேண்டும்.

பாபின்கேஸ்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை சார். என்னை உங்கள் கட்சியில் சேர்க்காதீர்கள்.

மஞ்சப்பை:
சரி, கேட்டதற்குப் பதில் இல்லை. மச்சானுக்கு வேலை கிடைத்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

செக்கிங்_டேபிள்:
அண்ணா, பழைய_பேனா சொன்ன மாதிரி நாலு பத்தியாக்கினேன், முக்கால் பக்கம்தான் வருகிறது. ஆனால் முதல் வரியைப் பார்த்தால் ஊசிமுனை அண்ணா சொன்னதும் சரி என்று தோன்றுகிறது. இரண்டு இடத்திலும் நம்பர் போட்டால்?

பழைய_பேனா:
போடாதே. ஒரே நம்பரை இரண்டு தடவை படித்தால் வேறு எதுவும் இல்லை போல என்று நினைப்பான்.

ஊசிமுனை:
முதல் இடத்தில் போட்டுவிட்டு இரண்டாவது இடத்தில் எடுத்துவிடு. அதைத்தான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

பழைய_பேனா:
அப்படியென்றால் அந்தப் பத்தி எதில் முடியும்? இரண்டு மெஷினைப் பார்த்தேன் என்று எழுதிவிட்டு என்ன ஆனது என்று சொல்லாமலா? மேனேஜர் சார், உங்கள் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டிலும் ரிசல்ட்டை மேலே எழுதிவிட்டுக் கீழே காலியாகத்தான் விடுவீர்களா?

ஊசிமுனை:
ரிசல்ட்டை மேலேதான் எழுதுவோம் சார். பாஸ், ஃபெயில் முதலில், விவரம் கீழே. வந்து பாருங்கள்.