புதுப்பிப்பு: பேன்ட்டில் பட்ட செயின் கிரீஸ்

முன்பு கேட்டது: "சந்தன நிற காட்டன் பேன்ட்டின் காலடியில் பைக் செயின் கிரீஸ். துவைக்கும் முன் என்ன செய்யலாம்?"

பெரும்பாலும் போய்விட்டது. மெக்கானிக் அண்ணன் ஒருவர் சொன்ன வழிதான்: லிக்விட் போடும் முன் தண்ணீரே படக்கூடாது. மேலே திரண்டிருந்ததைக் கரண்டிக் காம்பால் வழித்தேன். துணிக்கடியில் பழைய துண்டை வைத்து, பாத்திரம் கழுவும் லிக்விடை அப்படியே ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தேன். நுரை கறுத்தது. அரை மணி நேரம் ஊறவிட்டு, துணி தாங்கும் சூட்டில் வெந்நீரில் அலசினேன்.

மண்ணெண்ணெய் போடச் சொன்னவர் சொன்னதும் பாதி சரி. கிரீஸ் கரையும், ஆனால் அதுவும் எண்ணெய்தான், பிறகு லிக்விட் போட்டே ஆகவேண்டும். அந்தத் துணியை மெஷினில் போடுவது தீ ஆபத்து.

ஈரத்தில் கறை தெரியாது. நிழலில் காயவைத்துப் பார்த்தபோது ஒரு மஞ்சள் வளையம் இருந்தது. மறுபடி லிக்விட் போட்டதும் போனது. அதுவரை இஸ்திரி வேண்டாம், சூட்டில் படிந்துவிடும்.

பட்டுச் சட்டையில் இன்ஜின் ஆயில் பட்டதென்று கேட்ட தம்பி, இப்படித் தேய்க்காதீர்கள். டிரை கிளீனிங்குக்குக் கொடுங்கள்.

என் பேன்ட்டின் மடிப்புத் தையலில் மட்டும் சாம்பல் நிழல் நிற்கிறது. செயினின் இரும்புத் தூள் என்கிறார் அண்ணன். அதை எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?