வருமானவரி அலுவலகக் கோப்பின் குறிப்புத்தாளைக் கேட்டு வாங்கிய அனுபவம்

திருப்பூர், பின்னலாடை ஜாப் ஒர்க் செய்பவர்:
எங்களுக்கு வேலை கொடுத்தவர் பிடித்த டி.டி.எஸ். தொகை கணக்கில் சேராததால், 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 154-ஆம் பிரிவில் திருத்த மனு கொடுத்திருந்தேன். மனு பெற்ற மாதம் முடிந்ததிலிருந்து ஆறு மாதத்திற்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும் என்கிறது அதே பிரிவு. கெடு கடந்தும், கேட்கும்போதெல்லாம் "பரிசீலனையில் உள்ளது" என்பதே பதில்.

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் rtionline.gov.in வழியாகப் பத்து ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். மனு எந்தெந்தத் தேதியில் எந்த அதிகாரியிடம் இருந்தது என்பதையும், குறிப்புத்தாளின் நகலையும் கேட்டேனே தவிர, "ஏன் தாமதம்?" என்று கேட்கவில்லை. பதிவில் இருப்பதைத் தருவதுதான் தகவல் அலுவலரின் கடமை. காரணத்தைப் புதிதாக எழுதித் தருமாறு கேட்டால் அதையே சொல்லி மறுத்துவிடுவார்கள்.

வந்த குறிப்புத்தாளில் இரண்டே பதிவுகள். முதலாவது மனு பெற்றது. இரண்டாவது, பான் வேறு வார்டுக்கு மாறிவிட்டதால் மனுவை அங்கே அனுப்பலாம் என்பது. அதற்குக் கீழே கையெழுத்து இருந்தது, ஆனால் அனுப்பிய எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. மனு நகரவேயில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஈரோடு, மஞ்சள் வணிகர்:
கோப்புக் குறிப்புகளைத் தரத் தேவையில்லை என்று மத்தியப் பணியாளர் துறையே தன் இணையதளத்தில் போட்டிருந்ததாக நினைவு. உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?

கோவை, வரி ஆலோசகர்:
அப்படிப் போட்டிருந்தது உண்மைதான், ஆனால் மத்தியத் தகவல் ஆணையம் அதை ஏற்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(i) பிரிவில் கோப்பும் பதிவு என்றே இருக்கிறது. விசாரணை நடக்கிறது என்று 8(1)(h) பிரிவைக் காட்டி மறுப்பவர்கள், தகவல் தருவதால் விசாரணை எப்படித் தடைபடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்; வருமானவரித் துறை தொடர்பான பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2007-இல் இதைத்தான் தீர்ப்பளித்தது. விண்ணப்பத்துடன் மனுவின் ஒப்புகையை இணைப்பது முக்கியம், இல்லையென்றால் வேறொருவரின் தனிப்பட்ட தகவல் என்று திருப்பிவிட வாய்ப்புண்டு.

பொள்ளாச்சி, வீட்டு உரிமையாளர்:
நானும் அதே தளத்தில் சொத்து வரிப் பெயர் மாற்றத்தின் நிலையைக் கேட்டேன், திருப்பிவிட்டார்கள்.

கோவை, வரி ஆலோசகர்:
அம்மா, அது மத்திய அரசு அலுவலகங்களுக்கான தளம். நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தபாலில் அனுப்புங்கள்.

திருப்பூர், பின்னலாடை ஜாப் ஒர்க் செய்பவர்:
ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. நகலில் மேலதிகாரியின் குறிப்பு ஒன்றைக் கறுப்பு மையால் மறைத்திருக்கிறார்கள். எந்தப் பிரிவின்கீழ் மறைத்தார்கள் என்று எழுதவில்லை. பதில் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாமா, அல்லது குறிப்புத்தாள் நகலை இணைத்துப் புதிய வார்டுக்கு முதலில் எழுதலாமா?

கோவை, வரி ஆலோசகர்:
இரண்டையும் ஒன்றாகவே செய்யுங்கள். பணம் வருவதற்குப் புதிய வார்டுக்கான கடிதம்தான் உதவும், ஆனால் மேல்முறையீட்டின் கெடு அதற்காகக் காத்திருக்காது.

ஈரோடு, மஞ்சள் வணிகர்:
பணம் கிடைக்கும்வரை மேல்முறையீடு வேண்டாம் என்பதே என் எண்ணம். ஆணை எழுதப்போகிறவரை இப்போதே எதிராளியாக்குவானேன்?